தலை கருக்காத கோல்

மண் பொய் சொல்லாது என்பதில் அளவுக்காரருக்கு இறை நம்பிக்கைக்கு நிகரான நம்பிக்கை இருந்தது. ஈரத்தில் எவ்வளவு பருத்திருந்தாலும், காற்று தனக்குரியதையும் தீ தனக்குரியதையும் எடுத்துக்கொண்டபின் அது தன் மெய்யான உருவில் வந்து நிற்கும். அந்த மெய்யுருவை முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்ற பெரிய பொய்யுருவைச் சக்கரத்தில் வனைவதுதான் குயவன் தொழில். அந்தக் கணக்கில் அவர் பிசகியதாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அதனாலேயே பெற்றவர்கள் இட்ட பெயர் மறைந்து, அளவுக்காரர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்த ஆண்டு அவருடைய மண்குழியை விற்றுவிட்டார்கள். குழி அவருடையதன்று, மண் எடுக்கும் வழக்கம் மட்டுமே அவருடையது. வாங்கியவர் சுற்றிலும் மதில் எழுப்பத் தொடங்கினார். மதில் முடியும்வரை மூன்று நாள் தவணை கேட்டு, அடி மண்ணையெல்லாம் வெட்டிக் கரையேற்றினார் அளவுக்காரர். மூன்றாம் நாள் ஈரக்கரையில் சறுக்கி விழுந்ததில் வலது முழங்கால் பூசணிக்காய்போல் வீங்கியது. மறுநாளே இடித்த கட்டடத்தின் கல்லையும் காரையையும் வண்டி வண்டியாகக் கொட்டிக் குழியை மூடிவிட்டார்கள்.

கொல்லையில் கிடந்த அந்த ஒரு குவியலே இனி அவருக்கு உலகத்திலுள்ள மண்ணெல்லாம்.

இந்த நிலையில்தான் சாயப்பட்டறைக்காரர் ஆளனுப்பினார். முழங்கைவரை சாயம் ஏறி ஊறிப்போன மனிதர்; ஊரார் நீலக்கை என்பார்கள். அவருடைய பட்டறையில் நீண்ட கல்மேடை ஒன்று உண்டு. அதில் வரிசையாக ஒன்பது வட்டத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பானையின் வயிறு கீழே இறங்கி நிற்கும். கழுத்துக்குக் கீழே ஓடும் வளையம் துளையின் விளிம்பில் அமர்ந்து பானையைத் தாங்கும். மேடையின் அடியில் இளஞ்சூடு. பின்சுவர் சரிந்து விழுந்து ஒன்பது பானைகளும் நொறுங்கிவிட்டன. புதிதாக ஒன்பது வேண்டும். மாதம் முடிவதற்குள் வேண்டும். பானைகள் மேடையில் சரியாக அமர்ந்துவிட்டால், பட்டறைக்குப் பின்னால் தமக்குள்ள ஓடைக்கரையில் அளவுக்காரர் குடும்பம் குடிசை போட்டுக்கொள்ளலாம், கரை மண்ணை ஆயுள் உள்ளவரை வெட்டிக்கொள்ளலாம் என்று நீலக்கை சொல்லியனுப்பியிருந்தார்.

அந்தக் கரை கிடைக்காவிட்டால் என்ன வழி என்பதை மனைவியின் தம்பி ஏற்கெனவே சொல்லிவிட்டான். அவன் செங்கல் சூளைக்குச் சுமைவண்டி ஓட்டுகிறவன். மாமா கல் அறுக்கவோ சுமக்கவோ வரலாம், ஆள் எடுக்கிறார்கள் என்றான். பிறகு, தன் இயல்புப்படி, வாயைச் சும்மா வைத்திருக்க முடியாமல் ஒன்று சேர்த்துக்கொண்டான்.

“அங்க அளவுக்கு வேலையே இல்ல மாமா. எல்லாக் கல்லும் ஒரே அச்சு. தலையை வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வரலாம்.”

அளவுக்காரர் சிரித்தார். சிரிப்பு கண்வரை ஏறவில்லை.

நீலக்கையின் ஆள் உடைந்த பானை ஒன்றின் ஓடுகளைச் சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அளவுக்காரர் அவற்றை ஒன்றுவிடாமல் தராசில் ஏற்றினார். ஏழு கிலோ. சுட்ட மண் ஏழு கிலோ இருக்க வேண்டுமானால் பிசைந்த மண் எவ்வளவு வேண்டும்? பிசைந்த மண்ணில் பத்துக்கு ஏழுதான் சூளையைவிட்டு வெளியே வரும். மற்ற மூன்றில் பெரும்பகுதி நீராகக் காற்றில் போகும், எஞ்சியதைத் தீ கொண்டுபோகும். ஆகவே பானைக்குப் பத்து கிலோ. கையில் ஒட்டுவதும் சக்கரத்தில் அறுத்து எறிவதுமாக ஒரு கிலோ. ஒன்பது பானைக்கு மேல், வெடிப்புக்கும் கோணலுக்கும் ஈடாக இரண்டு. பதினொரு பானைக்கு நூற்று இருபத்தொரு கிலோ. கல் பொறுக்கி, மிதித்து, பிசைந்து முடித்த மண்ணைக் கூடை கூடையாக நிறுத்தபோது நூற்று இருபத்தைந்து வந்தது. நான்கு கிலோ கூடுதல். தெய்வம் அளந்து போட்டிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார்.

அடுத்தது வற்றல் கணக்கு. குழியின் அடி மண் மேல் மண்ணைவிடப் பசை மிகுந்தது, மிகுதியாகச் சுருங்கும். மேல் மண்ணுக்கென்று வெட்டிய பழைய அளவுகோல் இதற்கு உதவாது. பத்து விரல் நீளத்தில் கோடிட்ட மண்வில்லைகள் செய்து உலர்த்திச் சுட்டுப் பார்த்தார். நூறு பங்கில் நிழலில் உலரும்போது ஆறும், தீயில் நான்கும் குறைந்தன. பத்து விரல் ஒன்பதாகிறது. அப்படியானால் பத்தில் ஒன்றைக் கூட்டி வனைந்தால் போதும் என்று அறியாதவர் சொல்வார்கள், போதாது. பதினெட்டு விரல் வேண்டுமானால் இருபது விரலுக்கு வனைய வேண்டும். ஒன்பதுக்கு ஒன்று கூட்டுவதே கணக்கு. ஒவ்வொரு முறையும் இதை மனத்தில் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதற்காகத்தான் வற்றுக்கோல். மூங்கில் பட்டையில் மெய்யான இருபது விரல் நீளத்தை அளந்து, அதைப் பதினெட்டுச் சம பாகமாக வகுத்து, கோடு கீறினார். அதே அளவில் மேலும் சில கோடுகளை நீட்டிக்கொண்டார். இந்தக் கோலில் பதினெட்டு என்று படித்து வனைந்த பச்சைப் பானை, சூளையிலிருந்து மெய்யான பதினெட்டாக வெளிவரும்.

வற்றுக்கோல் வெட்டிய உடனே அதன் தலையை நெருப்பில் காட்டிக் கருக்கிவிட வேண்டும். மெய்யளவு காட்டும் மெய்க்கோலும் வற்றுக்கோலும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், கருந்தலைதான் அடையாளம். அவருடைய தந்தை கருக்கினார். அவருக்குமுன் யார் யாரோ கருக்கினார்கள். அன்று அடுப்பு அணைந்திருந்தது. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. எழுந்துபோய்ச் சுள்ளி மூட்டத் தோன்றவில்லை. சூளை வைக்கும் நாளில் கருக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மெய்க்கோலைச் சூளையின் உள்ளகலம் பார்க்க எடுத்துப்போய் அங்கேயே போட்டிருந்தார். அதனால் வாசற்படி அருகே அதன் ஆணி வெறுமையாக இருந்தது. ஈரம் படாமல் இருக்கட்டும் என்று புதிய கோலை அந்த ஆணியில் மாட்டினார்.

மறுநாள் பட்டறைத் துளைகளை அளந்துவர வேண்டும். அவரால் நடக்க இயலவில்லை. மனைவி புறப்பட்டாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக மண் மிதித்தவள். கோலையும் விரலையும் அறிந்தவள். ஆணியில் இருந்த கோலின் தலையைப் பார்த்தாள். கருப்பில்லை. எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பது துளைகளையும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து மாலையில் திரும்பினாள். ஒன்பதும் ஒரே அளவு, பதினெட்டு விரல் என்றாள். கோலை உள்ளே வருமுன்பே பழைய ஆணியில் மாட்டிவிட்டிருந்தாள். அளவுக்காரர் தலையசைத்தார். வயிறு பதினேழு, வளையம் இருபது என்று முடிவு செய்தார். துளையைவிட வளையம் இரண்டு விரல் அகலம், சுற்றிலும் ஒரு விரல் பிடிப்பு.

முதல் பானையை வனைந்தபோதே ஒன்று நடந்தது. பதினொரு கிலோ உருண்டையைச் சக்கரத்தில் வைத்து எழுப்பினார். புதுக்கோலை வைத்துப் பார்த்தார். வளையம் இருபதைத் தொட்டுவிட்டது. அறுத்தெடுத்த மண் அளவுக்கு மிஞ்சிக் கிடந்தது. நிறுத்தார். மூன்று கிலோ. ஒரு கிலோ இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

அவருடைய வாழ்நாளில் அப்படி மிஞ்சியதில்லை. தட்டுப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அந்த மூன்று கிலோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடைக் கணக்கு ஒன்று சொன்னது, கோல் ஒன்று சொன்னது. இரண்டும் ஒரே பானையைப் பற்றித்தான் பேசின. ஆனால் ஒன்றையொன்று மறுத்தன. மனைவியும் அதைக் கவனித்தாள்.

“உங்க கணக்குல மண்ணு மிஞ்சாதே. என்னங்க இது?”

“பழைய பானை செஞ்சவன் கை கனம். தடிமனாத் தட்டியிருக்கான். நம்ம கை மெலிசு.”

“அப்படியா இருக்கும்?”

“வேற எப்படி இருக்கும்? கோலு பொய் சொல்லுமா?”

ஓட்டுச் சாக்கு பத்தடி தொலைவில் இருந்தது. உடைந்த வளையத்தின் ஒரு துண்டை எடுத்துவந்து பச்சைப் பானையின் வளையத்தின்மேல் வைத்திருந்தால் போதும். வற்றலுக்காகப் புதுப்பானை பழையதைவிடப் பெரிதாக நிற்க வேண்டியது. பெரிதாக இல்லையே என்று வளைவு அக்கணமே காட்டிக்கொடுத்திருக்கும். பத்தடி. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். அதன்பின் அடுத்த உருண்டையைச் சக்கரத்தில் ஏற்றினார். மெலிந்த கை என்ற எண்ணம், சொல்லிக்கொள்ள வெட்கமாயினும், உள்ளே இனிப்பாகத்தான் இருந்தது.

பதினொரு பானைகளும் எழுந்தன. மிஞ்சிய மண்ணில் மேலும் இரண்டு பானை எழுப்பியிருக்கலாம். அவர் அதை வைக்கோலோடு மிதித்துச் சூளை வாய் பூசக் கொடுத்துவிட்டார். நல்ல மண்ணை வாய்ப்பூச்சுக்குக் கொடுக்கிறாரே என்று மனைவி முணுமுணுத்தாள். ஓடைக்கரை முழுக்க நம் மண்தானே என்றார்.

நிழலில் ஒன்பது நாள் உலர்ந்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மனைவி திருப்பி வைத்தாள். ஆறு பங்கு குறைந்தது, வில்லை சொன்னபடியே. சூளை வைத்து, இரண்டு நாள் ஆறவிட்டுப் பிரித்தார்கள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. சுண்டினால் ஆலயமணியின் கடைசி அதிர்வுபோல் நெடுநேரம் நின்றது ஓசை. சூளையருகே கிடந்த மெய்க்கோலை எடுத்து வளையத்தின்மேல் வைத்தார். இருபது விரல். மயிரிழை பிசகில்லை. ஈரத்தில் எண்ணியது தீயைக் கடந்து எண்ணியபடியே வந்து நின்றது. கைகூப்பி விழிமூடி நின்றார். அந்நேரம் அவர் நாவில் வந்த துதிக்குச் சொற்கள் இல்லை.

மனைவி ஒரு பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“லேசா இருக்குங்க.”

“அதான் சொன்னேனே,” என்றார் அவர்.

மைத்துனன் சுமைவண்டியைக் கொண்டுவந்தான். பதினொன்றையும் வைக்கோல் பொதிந்து ஏற்றினார்கள். புதுக்குடியேற்றத்துக்கு இன்றே சட்டிபெட்டியும் ஏற்றிவிடலாமா, இரண்டு நடையாக எதற்கு என்று அவன் கேட்டான். அக்காள் அவன் தலையில் தட்டினாள். தட்டினாலும், விளக்கையும் உலைமூடியையும் ஒரு துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டுதான் ஏறினாள்.

பட்டறையில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சூழ்ந்தார்கள். நீலக்கை முதல் பானையைச் சுண்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இருவர் பிடித்து முதல் துளையில் மெல்ல இறக்கினார்கள். வயிறு போயிற்று. வளையம் துளை விளிம்புக்கு வந்தது. வந்து, நிற்கவில்லை. கல்லும் மண்ணும் உரசும் ஓசை ஒன்று கேட்டது. பிடித்திருந்தவர்களின் விரல் நழுவியது. பானை மேடைக்கு அடியிலுள்ள சாம்பலில் போய் விழுந்து மூன்றாகப் பிளந்தது.

முதல் துளை தேய்ந்திருக்கும் என்றான் ஒருவன். இரண்டாம் துளையில் வைத்தார்கள், கையை விடவில்லை. வளையம் துளைக்குள் அடைப்பான்போல் ஒரு கணம் தயங்கிற்று, பிறகு இறங்கிற்று. மூன்றாவதிலும் அப்படியே. நான்காம் துளைக்கு யாரும் போகவில்லை.

அளவுக்காரர் மெய்க்கோலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நொண்டிக்கொண்டே போய்த் துளையின் குறுக்கே வைத்தார். கோடுகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். இருபது. பதினெட்டாகப் பகுத்த இருபது. சிறிதும் மிச்சமில்லாமல், எவ்வளவு துல்லியமான கணக்கு! அவர் உடம்பெல்லாம் வற்றியதுபோல் இருந்தது. மனைவியின் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கு எந்தக் கோல எடுத்துட்டு வந்தே?”

“வாசல் ஆணில இருந்தத.”

“தலை கருப்பா இருந்துச்சா?”

“கருப்பா இருந்தா நான் எடுப்பேனா?” என்றாள் அவள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்கும் விளங்கிவிட்டது. முடிச்சை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நீலக்கை கெட்ட மனிதர் அல்லர். அவர் கண் அளவுக்காரரிடமிருந்து அந்தப் பெண்ணிடம் போய், மறுபடி அவரிடம் வந்தது. ஆட்களை வேலைக்குப் போகச் சொன்னார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அளந்தது உங்க வீட்டம்மாதானே?”

“ஆமாங்க.”

“அப்ப தப்பு அங்கதான். பானையில குறை இல்ல, சுண்டிப் பாத்தேனே. நீங்க சொல்லுங்க. அளவு எடுத்ததுல அவங்க தப்பிட்டாங்கன்னா, எனக்கு ஒண்ணும் இல்ல. ஓடை மண்ணுல இன்னொரு தடவ செஞ்சு குடுங்க. அதுவரைக்கும் இரும்பு அண்டாவ வாடகைக்கு வச்சுச் சமாளிக்கிறேன். ஆனா உங்க கணக்கே இப்படித்தான்னா, உங்கள நம்பி ஒன்பது துளையையும் காலியா வச்சுக்கிட்டு நான் எப்படிக் காத்திருக்கிறது?”

வாசல் திறந்துதான் இருந்தது. ஒரு சொல் போதும். அதுவும் பாதி மெய்யான சொல். அளந்தவள் அவள்தானே. மனைவி தலை குனிந்து நின்றாள். மறுக்க மாட்டாள் என்பதை அவர் அறிவார். வீட்டுக்குப் போனபின்னும் அதைப் பற்றி ஒருநாளும் பேச மாட்டாள் என்பதையும் அறிவார். மைத்துனன் வண்டியின் பின்பலகையைப் பிடித்தபடி, மாமா சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

அளவுக்காரர் கையிலிருந்த கோலைப் பார்த்தார். ஒரு வாழ்நாள் முழுதும் அளவு ஒன்றுக்குத்தான் அவர் தலைவணங்கியிருந்தார்.

“அவ சரியாத்தான் அளந்தா,” என்றார். “கோலு தப்பு. வற்றுக்கோலுக்குத் தலை கருக்கணும். நான் கருக்கல. மெய்க்கோல் ஆணில அத மாட்டினதும் நான்தான். மண்ணு மிஞ்சினப்பவே தெரிஞ்சிருக்கணும். மூணு கிலோ மிஞ்சிச்சு. எந்திரிச்சுப் போய் ஒரு ஓட்ட எடுத்து வச்சுப் பாக்கல.”

நீலக்கை நீலம் பாய்ந்த விரல்களால் பானையின் வளையத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நேர்மையாகச் சொன்னதற்கு மகிழ்ச்சி என்றார். மண் மிஞ்சியபோதே ஐயம் வந்தும் வனைந்துகொண்டே போன ஒருவரை நம்பித் தம் பட்டறையை நிறுத்திவைக்க முடியாது என்றும், மரியாதை குறையாமலே, சொன்னார். ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒரு குயவர் முன்பே கேட்டிருக்கிறார். ஓடைக்கரையை அவருக்கே கொடுத்துவிடப் போகிறார். பானைகளை இங்கேயே விட்டுப்போனாலும் சரி, எடுத்துப்போனாலும் சரி.

எடுத்துப்போனார்கள்.

திரும்பும் வழியில் மைத்துனன் வாயைத் திறக்கவில்லை. அவன் அப்படி இருந்ததை அக்காள் அதற்குமுன் கண்டதில்லை. பாதித் தொலைவு கடந்தபின்தான் அவள் பேசினாள். எதிரே பார்த்தபடியே பேசினாள்.

“என் பேர்ல சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்.”

“எனக்கென்ன குறைஞ்சிருக்கப் போவுது?”

இவள்மேல் ஏற்றிய பொய்யின்மேல் குடிசை போட்டு, அந்த மண்ணை அவளையே மிதிக்கச் சொல்லி, அதில் பானை வனைந்திருக்க முடியுமா என்று அவர் எண்ணிப் பார்த்தார். முடிந்திருக்கும் என்றே தோன்றியது. பசிக்கு எதுவும் முடியும். அதுதான் அச்சமாக இருந்தது. செய்தது சரி என்ற நிறைவாவது மிஞ்சும் என்று நெஞ்சில் தேடினார். அன்று அதுவும் கிடைக்கவில்லை.

வீட்டில் பானைகளை இறக்கிச் சுவரோரம் வரிசையாகக் கவிழ்த்தார்கள். உடைந்தது போக இருந்தவை பத்து. எந்தத் துளையிலும் அமராத, எந்த அடுப்புக்கும் பொருந்தாத, குறையே இல்லாத பத்துப் பானைகள். செங்கல் சூளையில் விடியுமுன் ஆளெடுப்பார்கள், நாளை வண்டியோடு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மைத்துனன் போனான். முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு வரும்படியும் சொன்னான்.

மனைவி துணிமுடிச்சை அவிழ்த்து, விளக்கை அதன் மாடத்திலும் உலைமூடியை அதன் இடத்திலும் திரும்ப வைத்தாள். அடுப்பு மூட்டினாள். அளவுக்காரர் ஆணியிலிருந்து வற்றுக்கோலை எடுத்துவந்து அடுப்பின் முன் உட்கார்ந்தார். மூங்கில் தலையைத் தழலில் காட்டினார். முதலில் மஞ்சளாயிற்று, பிறகு பழுப்பு, பிறகு கருமை ஏறிற்று. அந்தக் கோல் ஒரு மண்ணுக்கு மட்டுமே உரியது. அந்த மண் இப்போது கல்லுக்கும் காரைக்கும் அடியில் கிடந்தது. ஒரு பிடிகூட இனி மேலே வராது.

“இனிமே அது எதுக்குங்க?” என்றாள் மனைவி.

“வேற யாராச்சும் எடுத்து அளந்துடக் கூடாது,” என்றார் அவர். கருகிய நுனியை நீரில் தோய்த்து அணைத்துவிட்டு, மெய்க்கோலின் ஆணியைத் தவிர்த்து, எங்கே மாட்டுவது என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.